விளம்பரத்தில் 100 மடங்கு, லென்ஸில் எத்தனை? கமரா கேள்வி-பதில்

ஒரே கைத்தொலைபேசிக்கு ஒரு விளம்பரத்தில் 5 மடங்கு ஒளியியல் ஸூம் என்றும் இன்னொன்றில் 10 மடங்கு என்றும் போட்டிருக்கிறார்கள். கொள்ளுப்பிட்டியில் கடைக்காரரிடம் கேட்டேன். இரண்டும் சரி என்கிறார். எப்படி? (வெள்ளவத்தை வாசகர்)

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மடங்கு என்பது ஒரு விகிதம் மட்டுமே. எதிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். ஐபோன் 15 ப்ரோ மேக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிரதான கமராவின் குவியத்தூரம், பழைய 35 மி.மீ. பிலிம் கமரா அளவுக்கு மாற்றிச் சொன்னால், 24 மி.மீ.; தொலைக் கமராவினுடையது 120 மி.மீ. 120ஐ 24ஆல் வகுத்தால் 5 வருகிறது. நாம் வழக்கமாக எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டால் கிடைக்கும் நெருக்கம் இதுதான். ஆனால் அதே கருவியில் 0.5x எனக் காட்டும் அகலக் கமராவும் இருப்பதால், அதிலிருந்து எண்ணி, "10 மடங்கு ஒளியியல் ஸூம் வீச்சு" என்று எழுத முடிகிறது. அந்த "வீச்சு" என்ற சொல்லை விளம்பரப் பலகையில் எவரும் கவனிப்பதில்லை.

இன்னொரு வகை எண், லென்ஸ் நின்ற இடத்திலிருந்து மென்பொருள் இழுத்துக்கொண்டு போகும் எல்லையைக் குறிப்பது. 2020இல் வந்த கலக்ஸி எஸ்20 அல்ட்ராவின் முதுகிலேயே 100x என்று பொறித்திருந்தார்கள். அதன் தொலைக் கமராவிலிருந்த பெரிஸ்கோப் லென்ஸ் தந்ததோ சுமார் 4 மடங்கு. மிச்சம் அனைத்தும் படத்தை வெட்டிப் பெருப்பிக்கும் டிஜிட்டல் ஸூம்தான். ஆகவே மடங்கைக் கேட்காதீர்கள். தொலைக் கமராவின் 35 மி.மீ. சமான குவியத்தூரத்தையும் பிரதான கமராவினுடையதையும் கேட்டு, நீங்களே வகுத்துப் பாருங்கள்.

பெரிஸ்கோப் லென்ஸ் உள்ளே நீண்டு சுருங்குமா? (தெஹிவளை வாசகி)

பெரும்பாலானவற்றில் இல்லை. தூரத்தை நெருக்கமாகக் காட்ட நீண்ட குவியத்தூரம் வேண்டும். ஆனால் கைத்தொலைபேசியின் தடிப்பு 8, 9 மில்லிமீற்றர்தான். எனவே உள்ளே நுழையும் ஒளியை ஓர் அரியம் செங்கோணத்தில் திருப்பிவிட, லென்ஸ் அடுக்கு உடலின் அகலப்பாட்டில் படுத்துக் கிடக்கிறது. முதுகில் வட்டத்துக்குப் பதிலாகச் சதுரத் துளை தெரிந்தால், அது பெரும்பாலும் இந்த அரியத்தின் வாய்தான்.

லென்ஸ் நகர்வது குவியம் பிடிக்கவும் கை நடுக்கத்தை ஈடுசெய்யவுமே. உருப்பெருக்கத்தை மாற்ற அல்ல. அதன் குவியத்தூரம் நிலையானது. உண்மையாகவே 85இலிருந்து 125 மி.மீ. வரை தொடர்ச்சியாக மாறும் லென்ஸை 2022இல் சோனி எக்ஸ்பீரியா 1 IVஇல் தந்தது, அது விதிவிலக்கு. ஏனைய பெரும்பாலானவற்றில் விரல்களை விரிக்கும்போது நாம் ஸூம் செய்வதாக நினைப்பது, ஒரு கமராவின் படத்தை வெட்டிக்கொண்டே போய், ஓரிடத்தில் அடுத்த கமராவுக்குத் தாவுவதைத்தான்.

எஸ்.எஸ்.சி. மைதானத்தில் எல்லைக்கோட்டருகே நின்று மகன் துடுப்பெடுத்தாடுவதைப் படமெடுத்தேன். என்னுடையதில் தொலைக் கமரா இல்லை; 5 மடங்கு பெருப்பித்தேன், முகமே தெரியவில்லை. பெரிஸ்கோப் இருந்தால் தெரியுமா? (பம்பலப்பிட்டி வாசகர்)

கணக்கிட்டே பார்க்கலாம். உங்களுக்கும் ஆடுகளத்துக்கும் இடையே 70 மீற்றர் என்று கொள்வோம். 120 மி.மீ. சமானமான பெரிஸ்கோப் லென்ஸ் அந்தத் தூரத்தில் சுமார் 15 மீற்றர் உயரமான காட்சியைச் சட்டகத்துக்குள் கொண்டுவரும். 12 மெகாபிக்சல் படத்தின் உயரம் சுமார் 3,000 பிக்சல். 1.7 மீற்றர் உயரமான பையன் அதில் ஏறத்தாழ 340 பிக்சல் உயரத்துக்கு நிற்பான். தலைக்கு மட்டும் 45 பிக்சல் வரை கிடைக்கும். ஆளை அடையாளம் காண அது போதும்; சட்டம் போட்டு மாட்டும் அளவுக்கு இல்லை.

இப்போது உங்கள் 24 மி.மீ. பிரதான கமரா. அதுவும் 12 மெகாபிக்சல் என்றால், அதே பையன் சுமார் 68 பிக்சல், தலை 9 பிக்சல். டிஜிட்டல் ஸூம் இந்த 9 பிக்சலைத் திரை நிறைய விரித்துக் காட்டுகிறதே தவிர, பத்தாவது பிக்சல் ஒன்றை எங்கிருந்தும் கொண்டுவருவதில்லை. தேங்காய்ப் பாலில் தண்ணீர் விட்டால் அளவு கூடுமே, அதுபோலத்தான். 5 மடங்குக்கு வெட்டும்போது பரப்பில் 25இல் ஒரு பங்குதான் எஞ்சுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். 12 மெகாபிக்சல் அரை மெகாபிக்சலுக்கும் குறைந்துபோகிறது.

பிரதான கமரா 50 மெகாபிக்சல் என்றால் நிலைமை சற்று மேல்: 2 மடங்குக்கு வெட்டினாலும் 12.5 மெகாபிக்சல் மிஞ்சுவதால், பகல் வெளிச்சத்தில் 2 மடங்கைத் தாராளமாக நம்பலாம். ஆனால் 5 மடங்கில் எஞ்சுவது 2 மெகாபிக்சல்தான். அதிலும் ஒளியைப் படமாக்கும் இத்தகைய உணரிகளில் நான்கு நான்கு பிக்சல்கள் ஒரே நிற வடிகட்டியைப் பகிர்ந்துகொள்வதால், பெயரளவிலான எண்ணிக்கை முழுதும் நுண்விவரமாக மாறுவதில்லை. மென்பொருள் விளிம்புகளைக் கூர்மையாக்கி மெருகேற்றும்போது சிலவேளை முகம் மெழுகு பூசியதுபோல வருவதும் இதனால்தான்.

பெரிஸ்கோப் உள்ள கருவிதான் வைத்திருக்கிறேன். கொச்சிக்கடைக் கோவில் திருவிழாவில் இரவு 5x அழுத்தித் தேரை எடுத்தேன். படம் டிஜிட்டல் ஸூம் போலவே மசமசப்பாக இருக்கிறது. பழுதா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. திரையில் 5x என்று எழுதியிருந்தாலும் பெரிஸ்கோப் கமராதான் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. உதாரணமாக, கலக்ஸி எஸ்24 அல்ட்ராவின் பிரதான கமராவின் துளை அளவு f/1.7, 5 மடங்குக் கமராவினுடையது f/3.4. எண் இரட்டித்தால் உணரியின் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றருக்கும் வந்து விழும் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும், உணரியும் சிறியது. எனவே இருட்டில், பெரிஸ்கோப் படத்தைவிடப் பிரதான கமராவின் படத்தை வெட்டித் தருவதே மேல் என்று கருவி தானாகத் தீர்மானித்து, சத்தமில்லாமல் மாறிக்கொள்ளக்கூடும். மிக அருகிலுள்ள பொருளை எடுக்கும்போதும் இதுவே நடக்கும், ஏனென்றால் பெரும்பாலான தொலைக் கமராக்களால் மிகக் கிட்டத்தில் குவியம் பிடிக்க முடியாது.

கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. எடுக்கும்போதே சதுரத் துளையை விரலால் மூடுங்கள். திரை இருளாவிட்டால் காட்சி வேறு கமராவிலிருந்து வருகிறது. எடுத்து முடிந்துவிட்டதென்றால் படத்தின் விவரங்களைத் திறந்து f எண்ணைப் பாருங்கள். 5x படத்துக்கு f/1.7 என்று காட்டினால் விடை அதுவே. வெளிச்சம் நன்றாக உள்ள இடத்தில் ஒரு படம் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டால், பழுதா இல்லையா என்பது தெளிவாகிவிடும்.

எஸ்23 அல்ட்ராவில் 10 மடங்கு. அடுத்து வந்த எஸ்24 அல்ட்ராவில் 5. குறைத்துவிட்டார்களா? (மட்டக்குளி வாசகர்)

லென்ஸில் குறைத்தார்கள், உணரியில் கூட்டினார்கள். பழைய 10 மடங்குக் கமரா 10 மெகாபிக்சல், f/4.9, புதிய 5 மடங்கு 50 மெகாபிக்சல். அதன் நடுப்பகுதியை 10 மடங்குக்கு வெட்டினால் 12.5 மெகாபிக்சல் எஞ்சும். அதைத்தான் "ஒளியியல் தரம்" என்று விளம்பரப்படுத்தினார்கள். "ஒளியியல் ஸூம்" என்று எழுதாததைக் கவனியுங்கள். 5 முதல் 10 வரை, அன்றாடப் பாவனைக்குப் புதியதே மேல் என்பது என் கருத்து. பேரவாவியில் கூழைக்கடாக்களை 10 மடங்குக்கும் அப்பால் எடுப்பவர் பழையதை அவசரப்பட்டு விற்கத் தேவையில்லை.

4.9 மடங்குக்கும் 5 மடங்குக்கும் வித்தியாசம் இருக்குமா? (மருதானை வாசகி)

இருக்கும், பார்த்தவுடன் தெரியும் அளவுக்கு. 1, 5 என்ற இரு படிகள் மட்டுமே உள்ள கருவியில் 4.9 என்பது பிரதான கமராவின் மிக மோசமான வெட்டு. 5 என்பது பெரிஸ்கோப்பின் மிகச் சிறந்த படம். கடையில் வாங்குமுன் வாசலுக்கு வந்து, எதிர்ப்பக்கப் பெயர்ப்பலகையின் சிறிய எழுத்துகளை இரண்டிலும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசமே தெரியாவிட்டால் அந்தக் கருவியில் பெரிஸ்கோப் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் மறுபடி கேளுங்கள்.