‘ஓகே’, ‘சரி’ என்று மட்டும் வரும் பதிலை எப்படி எடுத்துக்கொள்வது?

கேள்வி: வாட்ஸ்அப்பில் நான் விரிவாக எழுதும் செய்திக்கு ‘சரி’, ‘ஓகே’ என்று மட்டும் பதில் வந்தால், கோபமாக இருக்கிறார்களோ என்று மனம் குழம்புகிறது. எப்போது விட்டுவிடலாம், எப்போது கேட்டுவிட வேண்டும்?

அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எழுதியவரின் மனநிலையைக் கண்டுபிடிக்க முடியும் என்ற நம்பிக்கையை முதலில் சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்க உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பங்கேற்றவர்கள் சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் வேறு சிலவற்றை உண்மையாகவும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பினார்கள். படிப்பவர்கள் 100க்கு 78 முறை சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் சரியாக இருந்தது 56 முறைதான். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வந்துவிடும். அத்தகைய வாக்கியங்களைக் குரலில் கேட்டவர்கள் ஏறக்குறைய முக்கால் பங்கைச் சரியாகப் பிடித்தார்கள். படித்தவர்களும் தாங்கள் சரியாகவே புரிந்துகொண்டதாக உறுதியாக நம்பினார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

ஆகவே ‘சரி’ என்ற சொல்லைப் பார்ப்பதைவிட, அதை எழுதியவர் வழக்கமாக எப்படி எழுதுவார் என்பதைப் பார்ப்பேன். எப்போதும் ‘ஓகே’ என்று மட்டுமே அனுப்பும் மேலதிகாரி இன்றும் ‘ஓகே’ என்று அனுப்பினால் அதில் படிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒற்றைச் சொல்லுக்குப் பின் முற்றுப்புள்ளி வைத்தால் இளைஞர்கள் அதைச் சற்று மனப்பூர்வமற்றதாக உணர்கிறார்கள் என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அது அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஆங்கிலத்தில் செய்யப்பட்டது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட நம் உறவினர் புள்ளி வைத்தால், பள்ளியில் அப்படிப் பழகியவர் என்றுதான் பெரும்பாலும் பொருள்.

வழக்கம் மாறும்போதுதான் கவனிக்க வேண்டும். நான் திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில், வாங்குபவர்களுக்கும் உற்பத்திப் பிரிவுகளுக்கும் நடுவே வேலையை ஒருங்கிணைக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் சாம்பிள் பிரிவின் பொறுப்பாளர் என்னைவிட மூத்தவர். எதைக் கேட்டாலும் ‘சரிங்க தம்பி, பண்ணிடலாம்’ என்பது அவர் வழக்கம். சனிக்கிழமை போக வேண்டிய சாம்பிளை வெள்ளிக்கிழமையே அனுப்ப வேண்டும் என்று எழுதியபோது அவரிடமிருந்து ‘சரி’ என்று மட்டும் வந்தது. ‘ங்க’வும் இல்லை, ‘தம்பி’யும் இல்லை. அவர் உண்மையாகவே ஒப்புக்கொண்டிருக்கலாம், வேலைக்கு நடுவே பார்த்ததற்கு அடையாளமாக அனுப்பியிருக்கலாம், அல்லது முடியாது என்று தெரிந்தும் சொல்லிப் பயனில்லை என்று விட்டிருக்கலாம். முதலாவது என்றால் நான் ஆடைகளை வாங்கும் நிறுவனமான பையருக்கு வெள்ளிக்கிழமை என்று உறுதி கொடுத்துவிடுவேன். மூன்றாவது என்றால் அந்த உறுதி பொய்யாகிவிடும். இப்படி இரண்டு அர்த்தங்களும் என்னை இரண்டு வெவ்வேறு காரியங்களைச் செய்ய வைக்கும் என்றால், அங்கே ஊகிக்காமல் கேட்டுவிடுவேன்.

கேட்கும்போது மனநிலையைக் கேட்பதில்லை. ‘கோபமா?’ என்று கேட்டால், கோபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘அதெல்லாம் இல்லை’ என்ற பதில்தான் வரும். வயதில் மூத்தவரிடம் அப்படிக் கேட்பது அவரைச் சங்கடத்தில் நிறுத்துவதும் ஆகும். எனவே இப்படி எழுதினேன்: ‘அண்ணா, டையிங்கிலிருந்து துணி எப்போது வருகிறதுங்க? வெள்ளிக்கிழமை மதியம் கூரியருக்குக் கொடுத்துவிடலாமா, இல்லை பையரிடம் ஒரு நாள் கூடுதலாகக் கேட்கட்டுமா?’ சிறிது நேரத்தில் ‘துணி வியாழன் சாயங்காலந்தான் வருதுங்க தம்பி, சனிக்கிழமைன்னா கண்டிப்பா முடியும்’ என்று பதில் வந்தது. முடியாது என்று சொல்வதற்குக் கேள்விக்குள்ளேயே ஓர் இடம் இருந்ததால் அவர் அதைச் சொன்னார்.

‘நாளைக்கு வரட்டுமா, திங்கட்கிழமை வரட்டுமா?’ என்பதற்கு ‘சரி’ என்று பதில் வந்தால், அதில் தொனியைத் தேடவே வேண்டாம்; கேள்வியைப் பாதியில் படித்திருக்கிறார், ‘திங்கட்கிழமை வருகிறேன், சரிதானே?’ என்று உடனே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியதுதான். மாறாக, ‘சாப்பிட்டாயா?’ என்பதற்கு நண்பர் ‘ம்’ என்றால், எந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டாலும் நான் செய்யப்போவது எதுவுமில்லை; அதை விட்டுவிடுவேன்.

நெருங்கியவரிடம் இந்தச் சுருக்கம் ஓரிரு நாட்களாக எல்லாச் செய்திகளிலும் தொடர்ந்தால், எழுத்திலேயே விசாரிப்பதைவிடத் தொலைபேசியில் அழைப்பது மேல். எழுத்தில் வரும் ‘ஒன்றுமில்லை’யும் அதே ‘சரி’யைப் போல இன்னொரு புதிராகத்தான் வந்து நிற்கும். அழைத்தும் ‘ஒன்றுமில்லை, வேலை அதிகம்’ என்று சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். உண்மையில் வருத்தம் இருந்தால் அதை எப்போது சொல்வது என்பது அவர் முடிவு. மறுபடியும் மறுபடியும் துருவினால், இல்லாத எரிச்சலும் வந்துவிடும்.