எல்லாவற்றுக்கும் ‘0’ சொன்ன மாடல்: கேள்வி பதில்

போன வாரம் ஒரு மாணவியின் மெஷின் லேர்னிங் மாடல் கதையைப் பாதியில் விட்டீங்களே, முழுசா சொல்லுங்க.

சொல்கிறேன். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு வெளியிலிருந்து போயிருந்தேன். அந்தப் பெண் எடுத்திருந்தது கிரெடிட் கார்டு மோசடி டேட்டாசெட், 2013 செப்டம்பரில் ஐரோப்பிய கார்டுகளில் இரண்டு நாளில் நடந்த 2,84,807 பரிவர்த்தனைகள் இருக்குமே, அதேதான். அதில் மோசடி 492; மோசடிக்குக் குறி 1, மற்றதற்கு 0. முதல் ஸ்லைடிலேயே பெரிய எழுத்தில் ‘அக்யூரசி 99.83%’. டேட்டாவைக் கலைத்து டெஸ்டுக்கு ஒதுக்கிய 56,962 வரிசையில் மோசடி 98. அதில் எத்தனை பிடித்தது என்று கேட்டேன். அடுத்த ஸ்லைடில் இருந்த கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸை அவளே அப்போதுதான் நிதானமாகப் பார்த்தாள். மாடல் ‘0’ என்று சொன்னவை இருக்கும் இடது பத்தியில் 56,864-ம் 98-ம், ‘1’ என்று சொன்னவை இருக்கும் வலது பத்தியில் இரண்டு பூஜ்யம். மாடல் ஒரு தடவைகூட ‘மோசடி’ என்று சொல்லவே இல்லை. 56,864-ஐ 56,962-ஆல் வகுத்துப் பாருங்கள், அந்த 99.83 தானாக வந்து நிற்கும்.

எல்லாத்துக்கும் மெஜாரிட்டி வகையையே சொல்லுது. மெஜாரிட்டினா ரேண்டம் ஃபாரஸ்ட்ல மரங்கள் ஓட்டு போடுமே, அதுல வர்ற பிரச்சினைதானே? மரத்தைக் கூட்டினா சரியாகிடும்.

அது வேற மெஜாரிட்டி. இங்கே பேசுவது டேட்டாவில் எந்த வகை அதிகம் இருக்கிறது என்பதை. நீங்கள் ஆயிரம் மரம் நட்டாலும் ஆயிரமும் ‘0’ என்றே ஓட்டுப் போட முடியும்.

சரி, மாடல் ஏன் அப்படி ஆச்சு? டேட்டா சமமா இல்லாததாலதானே?

எல்லாரும் உடனே சொல்கிற காரணம் அது. அவளும் அன்றைக்கு அதைத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு உறுத்தியது மாடலின் பிழை எவ்வளவு என்று காட்டும் அவளுடைய லாஸ் வரைபடம்தான். இரண்டாவது எபாக்கிலிருந்து 0.0127-இல் ஆணி அடித்த மாதிரி நின்றிருந்தது. அந்த எண்ணைச் சும்மா விடக்கூடாது. ஒன்றுமே கற்காமல் எல்லா வரிசைக்கும் சராசரி மோசடி விகிதமான 0.0017-ஐயே சொல்லும் மாடலுக்கு லாஸ் எவ்வளவு வரும் என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன்:

```python
import numpy as np
q = 492 / 284807
print(-(q*np.log(q) + (1-q)*np.log(1-q)))   # 0.0127
```

அதே எண். அப்புறம் 0, 1 என்று வெட்டுவதற்கு முன்னால் மாடல் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்த்தோம்:

```python
p = model.predict(X_test).ravel()
print(np.percentile(p, [1, 50, 99]))   # 0.0017 0.0017 0.0017
```

எல்லா வரிசைக்கும் ஒரே பதில். டேட்டா சமமாக இல்லாதது மட்டும் காரணமாக இருந்தால் இப்படி வராது; மோசடிக்கு 0.3, மற்றதற்கு 0.0002 என்று ஏற்ற இறக்கம் இருக்கும், எதுவும் 0.5-ஐத் தாண்டாமல் போகும், அவ்வளவுதான். அங்கே வெட்டும் இடமான த்ரெஷோல்டைக் கீழே இறக்கினால் மாடல் வேலை செய்யும். இங்கே எங்கே வெட்டினாலும் ஒன்றும் கிடைக்காது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அதே மேட்ரிக்ஸ்தான், நோய்தான் வேறு.

மூலக் காரணம் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. டேட்டாவில் V1 முதல் V28 வரை உள்ள பத்திகள் எல்லாம் பெரும்பாலும் ஒற்றை இலக்க எண்கள். கூடவே Time என்று ஒரு பத்தி, முதல் பரிவர்த்தனையிலிருந்து எண்ணிய விநாடிகள், அது 1,72,792 வரை போகும். மற்ற பத்திகளின் அளவுக்குக் கொண்டுவராமல், அதாவது ஸ்கேல் பண்ணாமல், அப்படியே நியூரல் நெட்வொர்க்குக்குள் விட்டிருந்தாள். முதல் சில அப்டேட்டிலேயே நடு அடுக்குகளின் ReLU எல்லாம் அணைந்து எப்போதும் பூஜ்யமே தருவதாகப் போய், கடைசி அடுக்கின் பயாஸ் மட்டும் உயிரோடு இருந்து சராசரியைக் கற்றுக்கொண்டிருந்தது. Time-ஐயும் தொகைப் பத்தியான Amount-ஐயும் ஸ்கேல் பண்ணிவிட்டு ஓட்டினாள், லாஸ் 0.0127-ஐ விட்டு இறங்கியது.

இவ்வளவு எதுக்கு? ஸ்மோட் போட்டு ரெண்டையும் சமமாக்கினா முடிஞ்சது. நான் போட்டேன், மோசடியில 99.9% பிடிச்சது, அவ்வளவு ரீகால்.

பாதி சரி. சிறிய வகையின் எண்ணிக்கையைக் கூட்டினாலோ, அதில் செய்யும் தவறுக்கு எடை கூட்டினாலோ மாடல் அதைக் கவனிக்கும், உண்மைதான். ஆனால் அந்த 99.9 எதில் வந்தது? முழு டேட்டாவுக்கும் ஸ்மோட் போட்டுவிட்டு அப்புறம் ட்ரெயின், டெஸ்ட் என்று பிரித்தீர்களா? ஸ்மோட் என்ன செய்கிறது, இரண்டு அசல் மோசடிகளுக்கு நடுவில் ஒரு புள்ளியைப் புதிதாகச் செய்து வைக்கிறது. அந்தப் புள்ளி டெஸ்டுக்குப் போய் அதன் அப்பா அம்மா ட்ரெயினில் உட்கார்ந்திருந்தால் மாடல் பிடிக்காமல் என்ன செய்யும்? முதலில் பிரியுங்கள், ட்ரெயினுக்கு மட்டும் போடுங்கள், டெஸ்டில் 98 மோசடி அப்படியே 98-ஆகவே இருக்கட்டும். எண் இறங்கும், இறங்கினால் பயப்படாதீர்கள்.

ஸ்கேல் பண்ணின பிறகு அவங்க அக்யூரசி எவ்வளவு ஏறிச்சு?

99.92. சிரிக்காதீர்கள். 98-இல் 61-ஐப் பிடித்தது, 11 நல்ல பரிவர்த்தனைகளைத் தப்பாகப் பிடித்தது. சும்மா இருந்த மாடலுக்கும் 61 திருட்டைப் பிடித்த மாடலுக்கும் அக்யூரசியில் வித்தியாசம் 0.09.

அடுத்து மோசடிக்கு எடை கூட்டி ஓட்டினாள். 90-ஐப் பிடித்தது, ஆனால் சுமார் 1,400 அப்பாவிகளையும் சேர்த்து இழுத்து வந்தது. அக்யூரசி 97.53. அதாவது ஒன்றுமே செய்யாத மாடலைவிடக் குறைவு! அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ராத்திரி எனக்கு மெசேஜ்: “சார், கெடுத்துட்டேனா?” கெடுத்தாயா இல்லையா என்பதை அக்யூரசி சொல்லாது, பிடிபடாத ஒரு திருட்டுக்கு எவ்வளவு நஷ்டம், வாடிக்கையாளருக்கு வீணாகப் போட்ட ஒரு போனுக்கு எவ்வளவு செலவு என்று வங்கியில் ஒரு ஆளைப் பிடித்துக் கேட்டால்தான் தெரியும் என்றேன்.

நான் வங்கியில் இதே வேலை. எங்களுக்கு த்ரெஷோல்ட் எல்லாம் இரண்டாம் பட்சம். ஒரு நாளைக்கு எத்தனை வாடிக்கையாளரைக் கூப்பிட ஆள் இருக்கிறது, அதுதான் கணக்கு. இன்னொன்று, டேட்டாவைக் கலைத்துப் போட்டுப் பிரித்தது தவறு. நேற்றை வைத்துத்தான் நாளையைக் கணிக்க வேண்டும்.

முதல் விஷயத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அவளிடமும் அதைத்தான் செய்யச் சொன்னேன், p-ஐப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி முதல் 100-ஐ மட்டும் பார். அதில் 74 மோசடி இருந்தது. 100 பேரைக் கூப்பிட நாலு பேர் போதும் என்றால் உங்கள் மேலாளருக்குப் புரிகிற எண் அதுதான்.

இரண்டாவதில் நீங்கள் சொல்வது நியாயம், எனக்கும் அங்கே நெருடல் உண்டு. ஆனால் இருப்பது இரண்டே நாள். முதல் நாளில் கற்றுக்கொடுத்து இரண்டாம் நாளில் சோதித்தாலும் அடுத்த மாதத் திருடன் என்ன செய்வான் என்று அது சொல்லிவிடுமா? அவளை இரண்டு விதத்திலும் ஓட்டச் சொல்லியிருக்கலாம். அன்றைக்குத் தோன்றவில்லை.

எனக்கு வேற கேஸ். டைல்ஸ் போட்டோ, நல்லது 2,000, விரிசல் 60. என் மாடலும் எல்லாத்துக்கும் ‘நல்லது’ங்குது. எடை கூட்டியும் அசையலை.

எடை கூட்டியும் அசையவில்லை என்றால் மாடலை விடுங்கள், அதற்கு நீங்கள் கொடுக்கும் படத்தைப் பாருங்கள். போட்டோவை 224×224-க்குச் சுருக்குகிறீர்கள் அல்லவா? சுருக்கிய பிறகு வருகிற படத்தைப் பெரிதாக்கித் திறந்து, விரிசல் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா பாருங்கள். முடி போன்ற விரிசல் அந்த அளவில் காணாமலே போயிருக்கும். உங்களுக்கே தெரியாததை அது எப்படிச் சொல்லும்? டைலைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்துப் பாருங்கள்.

கடைசியில அந்தப் பொண்ணு ரிப்போர்ட்ல என்ன எழுதினாங்க?

முடிவு அட்டவணையின் முதல் வரியில் எல்லாவற்றுக்கும் 0 சொல்லும் மாடலையே போட்டாள், `DummyClassifier(strategy="most_frequent")`, அக்யூரசி 99.83, பிடித்தது 0. மற்றவை அதற்குக் கீழே.

எடை கூட்டியும் சிக்காத 8 மோசடியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். இந்த டேட்டாவில் மோசடி என்றால் பெரிய தொகை என்று இல்லை, ஒரு யூரோவுக்கும் பூஜ்யத்துக்கும்கூட நிறைய இருக்கிறது. ஆனால் V1-இலிருந்து V28 வரை அசல் விவரத்தை மறைத்து உருமாற்றியவை; எந்தக் கடை, எந்த ஊர் என்று எதுவும் தெரியாது. அந்த எட்டும் ஏன் நல்லவற்றோடு கலந்து நிற்கின்றன என்று அவளுக்கும் பிடிபடவில்லை, எனக்கும் இல்லை.