ஓராண்டு வேத வாசிப்பு: பகுதிகளை எப்படிப் பிரிப்பது?

“சுங்கை சிப்புட்டில் எங்கள் சபைக்காகத் தினமும் பைபிள் வாசித்து வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவாக அனுப்ப நினைக்கிறேன். ஒரு வருடத்துக்கு எப்படிப் பிரிப்பது? தலைப்பும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.”

சகோதரி, முழு பைபிளில் 1,189 அதிகாரங்கள். தினமும் மூன்றுக்கு மேல் வரும். செம்பனைத் தோட்டத்துக்கு விடியலில் கிளம்புகிறவர்கள் அவ்வளவு கேட்க மாட்டார்கள். புதிய ஏற்பாட்டில் சரியாக 260 அதிகாரங்கள். வாரம் ஐந்து நாள், 52 வாரம் என்றால் அதே 260. சனி, ஞாயிறுக்கு ஒரு சங்கீதம் வையுங்கள்.

சிக்கல் நீளத்தில்தான் வரும். மத்தேயு 28, மாற்கு 16 முடிந்ததும் லூக்கா 1 உங்கள் 45ஆம் பகுதி, ஒன்பதாம் வாரத்து வெள்ளி. அதில் 80 வசனங்கள்! 2 யோவானிலோ 13தான். அதனால் லூக்காவை 38ஆம் வசனத்தோடு நிறுத்தி, மீதியை அந்தச் சனிக்கிழமை சங்கீதத்துக்குப் பதிலாக வாசியுங்கள். தேவதூதன் போகிற இடம் அது, கதை அறுபடாது.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே வரிசை: எண், புத்தகம், அதிகாரம் சொல்லுங்கள், வாசியுங்கள், ஒரு வசனத்தை மட்டும் மெதுவாகத் திரும்பச் சொல்லி முடியுங்கள். விளக்கம் சேர்த்தால் நேரம் நாளுக்கு நாள் மாறிவிடும். தலைப்பில் அதே எண்ணும், திரும்பச் சொன்ன அதே வசனமும் வரட்டும்:

```
045அ | லூக்கா 1:1-38 | வசனம் 37
045ஆ | லூக்கா 1:39-80 | வசனம் 78
```

எண்ணை மூன்று இலக்கமாகவே எழுதுங்கள், இல்லையென்றால் கோப்புகளில் 10, 2-க்கு முன்னால் போய் நிற்கும். தேதி போட வேண்டாம். ஒரு நாள் தவறினால் அடுத்து வருகிற எல்லாத் தலைப்பும் பொய்யாகிவிடும்.