‘பார்த்துச் சொல்லுங்கள் சார்’ என்றால் என்ன பதில் வரும்?

கேள்வி: தரவுப் பகுப்பாய்வுத் துறையில் வேலை தேடுகிறேன். நான் சேர விரும்பும் நிறுவனங்களில் இருக்கும், எனக்கு அறிமுகமில்லாத மூத்தவர்களுக்கு அனுப்புவதற்காக ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பும் முன், எனக்கு வழிகாட்டியாக இருக்கும் பழைய மேலாளரிடம், ‘நேரம் இருக்கும்போது ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள் சார்’ என்று கொடுத்தேன். எட்டு நாள் கழித்து, ‘நன்றாக இருக்கிறது, அனுப்புங்கள்’ என்று ஒரு வரி வந்தது. பதினெட்டுப் பேருக்கு அனுப்பினேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. என்னைப் படிக்கவைத்த அக்காகூட இதைப் பார்த்துவிட்டு, ‘இதில் நீ அவரிடம் என்னடா கேட்கிறாய்?’ என்றாள். அவளுக்கு இந்தத் துறை தெரியாது. கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். சாருக்கு என் மேல் அக்கறை இல்லையா அம்மா? மறுபடியும் அவரிடம் கேட்கலாமா?
– ஒரு வாசகர்

பதில்: தம்பி, உங்கள் சாரின் அக்கறையைப் பற்றிப் பிறகு பேசலாம். ‘அவளுக்கு இந்தத் துறை தெரியாது’ என்று நான்கு சொற்களில் உங்கள் அக்காவை ஒதுக்கிவிட்டீர்களே, அங்கிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. உங்களைப் படிக்கவைத்தவள், உங்கள் கடிதத்தை உண்மையாகவே படித்தும் பார்த்திருக்கிறாள். படித்தவுடன், கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத் துறையறிவு எதற்கு? தமிழ் தெரிந்தால் போதும். அவள் கேட்டபோது உங்களிடம் பதில் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்கள். பதில் இல்லாததால்தான் அவளுக்குத் தெரியாது என்று முடித்துக்கொண்டீர்கள். வீட்டில் இருப்பவர்கள் சொல்வதைச் சிறிதாகவும் வெளியே இருப்பவர்கள் சொல்வதைப் பெரிதாகவும் எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. அதிலும், நமக்காகச் செலவழித்த கை சுட்டிக்காட்டும்போது அதைத் தட்டிவிடுவது நன்றியுள்ள செயல் ஆகாது.

நீங்கள் அனுப்பிய நகலை மூன்று முறை படித்தேன். முதல் பத்தியில் உங்கள் படிப்பு, இரண்டாவதில் அந்த நிறுவனத்தின் பெருமை, மூன்றாவதில், ‘தங்கள் நிறுவனத்தில் உள்ள வாய்ப்புகள் குறித்து அறிய மிகுந்த ஆவலாக உள்ளேன், தங்களின் மேலான வழிகாட்டுதலைப் பெரிதும் எதிர்பார்க்கிறேன்’ என்று முடித்திருக்கிறீர்கள். இதைப் படிக்கும் முன்பின் தெரியாத ஒருவர் இப்போது என்ன செய்ய வேண்டும்? காலியிடம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்ல வேண்டுமா, உங்களோடு சிறிது நேரம் பேச வேண்டுமா, உங்கள் பெயரைப் பரிந்துரைக்க வேண்டுமா? மூன்றுக்கும் இந்த வரி இடம் கொடுக்கிறது, எதையும் கேட்கவில்லை. நீங்கள் விரும்புவது பரிந்துரை என்றும், அதைக் கேட்கக் கூச்சப்பட்டு ‘வழிகாட்டுதல்’ என்ற சொல்லுக்குள் அதை ஒளித்துவைத்தீர்கள் என்றும் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கூச்சம்தான் உங்கள் உண்மையான சந்தேகம். அதைச் சாரிடமும் மறைத்துவிட்டீர்கள்.

இப்போது சாரின் இடத்தில் இருந்து பாருங்கள். இரண்டு வேலைகளுக்கு இடையில் கைபேசியில் உங்கள் கடிதத்தைத் திறக்கிறார். அது யாருக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. அவரிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும் என்பதும் தெரியாது. இது முதல் வரைவா, அல்லது இன்றே அனுப்பத் தயாராக இருக்கும் கடிதமா என்பதும் தெரியாது. அப்படி இருக்கையில் பெரிதாகக் குறை சொன்னால் உங்கள் மனம் நோகும், சிறிதாகச் சொன்னால் பயனில்லை. அந்த நிலையில் நல்ல மனிதர்கள் எழுதும் வாக்கியம்தான் ‘நன்றாக இருக்கிறது, அனுப்புங்கள்’ என்பது. ‘நேரம் இருக்கும்போது’ என்று நீங்களே எழுதிக்கொடுத்தீர்கள். அப்படியொரு நேரம் யாருடைய நாளிலும் தானாக வருவதில்லை, எட்டு நாள் ஆகத்தான் செய்யும். இதே கேள்வியோடு எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றில், வழிகாட்டி கைவிட்டதாக எழுதப்பட்டிருக்கும்; கேள்வியே கேட்காமல் கடிதத்தை மட்டும் அவர் கையில் கொடுத்திருப்பார்கள்.

ஆகவே, மறுபடியும் அவரிடம் கேளுங்கள். ஆனால் கேட்பதற்கு முன் உங்கள் சந்தேகத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு தாளில், ‘இந்தக் கடிதத்தை அனுப்ப நான் தயங்குவதற்குக் காரணம்’ என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை முடித்துப் பாருங்கள். ‘கடிதம் சரியாக இருக்கிறதா என்று தெரியவில்லை’ என்றுதான் முதலில் வரும். அது சந்தேகம் அன்று, பொதுவான பயம். இன்னொரு முறை எழுதினால், ‘மூன்றாம் பத்தி உறுத்துகிறது’ என்று வரும். இப்போது இடம் கிடைத்துவிட்டது, கேள்வி கிடைக்கவில்லை. மூன்றாம் முறை, ‘முன்பின் தெரியாதவரிடம் முதல் கடிதத்திலேயே பரிந்துரை கேட்டால் அவமரியாதையாகுமோ, கேட்காவிட்டால் அவருக்குப் புரியாமலே போய்விடுமோ’ என்று எழுதுவீர்கள். அங்கே நிறுத்திக்கொள்ளலாம். இதில் இரண்டு வழிகள் இருக்கின்றன, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுக்கும் அனுபவம் உங்களுக்கு இல்லை, சாருக்கு இருக்கிறது. சாரிடம் கொண்டுபோகத் தகுந்த கேள்வி இப்படித்தான் இருக்கும்.

அதை அவருக்கு எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். விவரங்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

“வணக்கம் சார். தரவுப் பகுப்பாய்வாளர் வேலைக்கு ஒரு நிறுவனம் விளம்பரம் கொடுத்திருக்கிறது. அந்தப் பிரிவில் ஐந்து ஆண்டுகளாக இருக்கும் ஒருவருக்குக் கீழே உள்ள கடிதத்தை அனுப்பப் போகிறேன். எங்களுக்குள் அறிமுகம் இல்லை. என் சந்தேகம் கடைசிப் பத்தியில் மட்டும்தான். என் பெயரைப் பரிந்துரைக்கும்படி முதல் கடிதத்திலேயே கேட்கலாமா, அல்லது அந்த வேலையைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேச முடியுமா என்று மட்டும் கேட்க வேண்டுமா? இரண்டாவதே சரி என்று நினைக்கிறேன். ஆனால் விண்ணப்பிக்க அடுத்த திங்கட்கிழமை கடைசி நாள் என்பதால், சுற்றிவளைப்பதாகிவிடுமோ என்று தயங்குகிறேன். ‘முதலாவது’ அல்லது ‘இரண்டாவது’ என்று ஒரு சொல் எழுதினாலும் போதும். வியாழன் மாலைக்குள் உங்களுக்கு முடியாவிட்டால், இரண்டாவது விதமாக அனுப்பிவிட்டு உங்களுக்குத் தெரிவிக்கிறேன்.”

இதில், ‘இரண்டாவதே சரி என்று நினைக்கிறேன்’ என்ற வாக்கியத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் சாய்வையும் அதற்கு எதிராக உங்களை உறுத்தும் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான், அவர் உங்கள் முடிவை மட்டுமல்லாமல் உங்கள் யோசனையையும் திருத்த முடியும். ‘கடைசி நாளுக்காகப் பயப்படாதே, விண்ணப்பத்தைத் தனியாகப் போட்டுவிட்டு அவரிடம் பேச மட்டும் நேரம் கேள்’ என்று அவர் எழுதக்கூடும். நீங்கள் தேதியைச் சொல்லாமல் இருந்தால் அந்தப் பதில் வந்திருக்கவே முடியாது. அதேபோல, வியாழன் என்று நாள் குறிப்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. பதில் எழுத முடியாமல் போனாலும் உங்கள் காரியம் நிற்காது என்ற நிம்மதியை அதன் மூலம் அவருக்குக் கொடுக்கிறீர்கள்.

கடிதத்தை அந்தச் செய்திக்குக் கீழேயே ஒட்டிவிடுங்கள். கோப்பாகவோ லிங்க்காகவோ அனுப்பினால், அதைத் திறக்க அனுமதி கேட்டு நிற்கும் திரையோடு அவருடைய ஐந்து நிமிடம் முடிந்துவிடும். எழுத்துப்பிழை பார்க்கும் வேலையையும் அவரிடம் கொடுக்காதீர்கள். பிழைகள் கண்ணில் பட்டால், அவற்றைத் திருத்திய திருப்தியோடு நிறுத்திக்கொள்வது எவருக்கும் இயல்பு. உங்கள் கேள்வி அடியில் போய்விடும். அதை ஒரு நண்பரிடம் முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ‘நன்றாக இருக்கிறது’ என்றே வந்தால், ஒரே ஒரு முறை மேலும் கேட்கலாம்: ‘இதைப் படித்து முடித்தவுடன், அவர் என்ன செய்ய வேண்டும் என்று நான் கேட்பதாக உங்களுக்குத் தோன்றுகிறது சார்?’ இந்தக் கேள்விக்கு ‘நன்றாக இருக்கிறது’ என்று பதில் எழுத முடியாது. அவர் சொல்வதும் நீங்கள் நினைத்ததும் ஒன்றாக இல்லையென்றால், வரி தவறிவிட்டது என்று பொருள். உங்கள் அக்கா கேட்டதும் இதையேதான், தம்பி. கடிதம் புரிகிறதா என்ற சந்தேகத்தை அவளிடம் கொண்டுபோங்கள். அந்தத் துறையில் எவ்வளவு கேட்கலாம், எதைக் கேட்டால் தவறு என்ற சந்தேகத்தைச் சாரிடம் கொண்டுபோங்கள். இருவருக்கும் தனித்தனி வேலை இருக்கிறது.

உங்கள் இரண்டு வழிகளில் எது சரி என்று என்னைக் கேட்டால், முதல் கடிதத்தில் பரிந்துரை கேட்க வேண்டாம் என்பேன். பரிந்துரைப்பவர் தன் பெயரை உங்களுக்காக ஈடு வைக்கிறார். உங்கள் வேலையை ஒரு முறைகூடப் பார்க்காதவரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. ஆனால் உங்கள் துறையின் வழக்கம் வேறாக இருக்கலாம். சாரின் சொல்லுக்கே முன்னுரிமை கொடுங்கள்.

பதினெட்டுப் பேரும் எழுதாததற்கு அந்த மூன்றாம் பத்திதான் முழுக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அறிமுகமில்லாதவர்களின் கடிதங்களைத் திறக்காதவர்களும் உண்டு, அவர்களுடைய பிரிவில் ஆள் எடுக்காத காலமும் உண்டு. இதைச் சாராலும் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான், ஒரே கடிதத்தைப் பதினெட்டுப் பேருக்கு ஒன்றாக அனுப்பியது தவறு என்கிறேன். திருத்திய கடிதத்தை முதலில் மூன்று பேருக்கு மட்டும் அனுப்பி, ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

பதில் வந்தாலும் வராவிட்டாலும், அவர் சொன்னதில் எதை ஏற்றீர்கள், பிறகு என்ன நடந்தது என்பதை இரண்டு வரியில் சாருக்கு எழுதுங்கள். அந்த ‘அனுப்புங்கள்’ என்ற வரிக்குப் பிறகு நீங்கள் அவருக்கு ஒன்றுமே எழுதியதாகத் தெரியவில்லை. பதினெட்டுப் பேர் உங்களுக்குப் பதில் எழுதவில்லை என்று வருந்துகிறீர்கள். உங்களுக்குப் பதில் எழுதிய ஒருவருக்கு நீங்கள் எழுதினீர்களா? பெரியவர்களிடம் ஒன்றைப் பெற்றுக்கொண்டால், அது என்னவாயிற்று என்று திரும்பிப் போய்ச் சொல்வது கடமை. அதை மறந்துவிட்டு அவருடைய அக்கறையை அளக்க உட்கார்ந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சாருக்கு எழுதுவது நாளைக்கு இருக்கட்டும். இன்று இரவு மூன்றாம் பத்தியைத் திருத்தி எழுதி, அதை மட்டும் அக்காவிடம் கொடுங்கள். ‘நான் அவரிடம் என்ன கேட்கிறேன், சொல் அக்கா’ என்று கேட்டுவிட்டு, இடையில் விளக்கம் சொல்லாமல் பொறுத்திருந்து, அவள் சொல்வதை அவள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.