தம்பியின் பெயரில் இருந்த வேறொருவர் எண்

கேள்வி: தம்பி திடீரென்று போன் செய்து 45,000 கேட்டான். கையில் இல்லை. செயலியில் உடனடிக் கடன் எடுத்து, அவன் மொபைல் எண்ணுக்கு அப்போதே அனுப்பிவிட்டேன். அது அவன் ஒரு வருடம் முன்பே விட்டுவிட்ட பழைய எண்ணாம். என் போனில் இன்னமும் அவன் பெயரில்தான் இருந்தது. “நீங்களே அனுப்பியதுதானே” என்கிறது வங்கி. பணம் திரும்பக் கிடைக்குமா? இனி இப்படி நடக்காமலிருக்க, செயலியில் காட்டும் காப்பீட்டை எடுக்கலாமா?

பதில்: இன்னும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கவில்லை என்றால் இன்றே கொடுங்கள். செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் ஒரு குறிப்பு எண் இருக்கும். அதைக் குறிப்பிட்டு, ‘தவறான நபருக்கு அனுப்பிவிட்டேன்’ என்று எழுதுங்கள். ‘மோசடி’ என்று எழுத வேண்டாம். யாரும் உங்களை ஏமாற்றவில்லை. பொய்யாக எழுதினால் பின்னால் உங்கள் புகாருக்கே அது இடைஞ்சல். உங்கள் வங்கி அந்த நபரின் வங்கியிடம் கேட்கும், அவர்கள் அந்த நபரிடம் கேட்பார்கள். அவர் சம்மதித்தால் பணம் வரும். சம்மதிக்காவிட்டால், சட்டப்படி ஓர் உத்தரவு இல்லாமல் அவர் கணக்கில் வங்கி பொதுவாகக் கைவைக்காது. நாளாக ஆகப் பணம் செலவாகிவிடும் என்பதால்தான் இன்றே என்கிறேன். அந்த எண்ணுக்கு நீங்களே பேசுவதென்றால் மரியாதையாக ஒரு முறை பேசுங்கள். “திருப்பி அனுப்புகிறேன், இந்த இணைப்பைத் தொடுங்கள்” என்று எது வந்தாலும் தொடாதீர்கள். பணத்தைப் பெறுவதற்கு நீங்கள் ரகசிய எண் எதையும் போட வேண்டியதில்லை.

சரி, காரணத்துக்கு வருவோம். தம்பிக்கு உதவியதில் எனக்குக் குறை இல்லை. அவர் கேட்ட நிமிடத்திலேயே, போனில் பதிந்திருக்கும் பெயரைத் தொட்டு அனுப்புகிறீர்களே, அந்தப் பழக்கம்தான் உங்களைக் கடனாளி ஆக்கியிருக்கிறது.

அந்தத் திரையை நினைத்துப் பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் ‘தம்பி’ என்று இருந்திருக்கும், ஒருவேளை நீங்கள் வைத்த படமும் இருந்திருக்கும். அதெல்லாம் என்றோ நீங்கள் பதிந்து வைத்தது. வங்கிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதன் கீழே, பெரும்பாலும் சிறிய சாம்பல் நிற எழுத்தில், இன்னொரு பெயர் இருந்திருக்கும். அந்த எண்ணோடு இணைந்த கணக்கு யாருடையது என்று வங்கி சொல்லும் பெயர் அது. உங்கள் 45,000 அந்தச் சிறிய எழுத்துக்காரருக்குத்தான் போனது.

கைவிட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் சில காலம் ஒதுக்கி வைத்துவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். இந்தியாவில் அந்த இடைவெளி குறைந்தது 90 நாள். புதிதாக வாங்கியவர் தன் வங்கிக் கணக்கை அதோடு இணைத்ததும், அந்த எண்ணுக்கு வரும் பணம் அவருக்கே போகும். உங்கள் போனுக்கு இது எதுவும் தெரியாது. எண்ணைக் கைவிட்டவர் சொன்னால்தான் உண்டு, நம் வீட்டு ஆட்கள் அதைச் சொல்வதே இல்லை.

அடுத்த முறை தம்பி கேட்டால் இப்படிச் செய்யுங்கள். போனில் இருக்கும் பெயரைத் தொடாமல், எண்ணை அவரையே ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லச் சொல்லி நீங்களே அடியுங்கள். திரையில் ஒரு பெயர் வரும். அதை வாசித்துக் காட்டி “இது நீதானே?” என்று கேட்காதீர்கள். அவசரத்தில் இருப்பவர் எதற்கும் ஆமாம் என்பார், ஏமாற்ற நினைப்பவர் கட்டாயம் ஆமாம் என்பார். “உன் கணக்கு எந்தப் பெயரில் இருக்கிறது?” என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதைத் திரையோடு ஒப்பிடுங்கள். இனிஷியல் பின்னால் போயிருக்கலாம், அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கலாம், அது பரவாயில்லை. முற்றிலும் வேறு பெயர் என்றால், “அது மனைவி கணக்கு” என்று அவரே முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கேட்ட பிறகு விளக்கம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பெயர் பொருந்தினாலும் போதாது, ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதனால் முதலில் ஒரு சிறு தொகை அனுப்புங்கள். எல்லோரும் 1 அனுப்பிவிட்டு “வந்ததா?” என்று கேட்கிறார்கள். அதற்கு “வந்தது” என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நீங்கள் 17 அனுப்புங்கள், எவ்வளவு என்று சொல்லாதீர்கள். அப்புறம், ஏற்கெனவே பேசிப் பழகிய எண்ணில் தம்பியைக் கூப்பிட்டு, “எவ்வளவு வந்திருக்கிறது?” என்று கேளுங்கள். 17 என்று அவர் குரலில் வந்தால், அந்தக் கணக்கை அவர் கண்ணால் பார்க்கிறார் என்று அர்த்தம். ‘போன் உடைந்துவிட்டது, இது புது எண்’ என்று செய்தி வந்தால், அந்தப் புது எண்ணிலேயே கூப்பிட்டு விசாரிப்பதில் பயனில்லை. தம்பியோடு இருக்கும் இன்னொருவரைக் கூப்பிட்டு, தம்பியிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மீதியை அனுப்பும்போது மறுபடி எண்ணை அடிக்க வேண்டாம். செயலியின் பழைய பரிவர்த்தனைகளில் அந்த 17-ஐத் திறந்து, அங்கிருந்தே அனுப்புங்கள். சோதித்தது ஓர் எண், அனுப்பியது இன்னோர் எண் என்று ஆகாது. பழைய எண்ணையும் போனிலிருந்து நீக்கிவிடுங்கள். ஒரே பெயருக்குள் இரண்டு எண்கள் கிடந்தால் செயலி எதை எடுக்கும் என்று கடைசி நொடியில் கவனிக்க முடியாது.

இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் ஆகும். நீங்கள் அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்ததற்கான விலையைப் பாருங்கள். வட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, ஆண்டுக்கு 24 சதவீதம், 12 தவணை என்று வைத்துக்கொள்கிறேன். மாதம் ஏறக்குறைய 4,250 வீதம் மொத்தம் 51,000 கட்டுவீர்கள். தம்பியின் தேவை அப்படியே இருக்கிறது, அதற்கு இன்னொரு 45,000 வேண்டும். ஆக 45,000 உதவிக்கு 96,000 ஆகிறது. இரண்டாவது தொகைக்கும் அதே செயலியில் கடன் எடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. தேவையில் பாதியையாவது தம்பி வேறு வழியில் பார்த்துக்கொள்ளட்டும்.

காப்பீடு வேண்டாம் என்பேன். இத்தகைய திட்டங்கள் பலவும், உங்களுக்குத் தெரியாமல் யாரோ கணக்கிலிருந்து எடுத்த பணத்துக்குத்தான். நீங்களே ரகசிய எண் போட்டுத் தவறாக அனுப்பியதை விலக்குகள் பகுதியில் ஒதுக்கியிருப்பார்கள். நம்பிக்கை இல்லையென்றால் அந்தப் பகுதியை மட்டும் திறந்து படியுங்கள். காப்பீட்டுக்குக் கட்ட இருந்த சந்தாவை, முன்கூட்டி அடைக்கக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு, கடன் அசலில் கட்டுங்கள்.