27 பேர் சரியாக எழுதிய அந்தத் தேர்வு

கேள்வி: ஆண்டு இறுதி சுய மதிப்பீட்டுப் படிவத்தில் "உங்கள் வளர்ச்சி, அதற்கான சான்று, சறுக்கல்கள், அடுத்த ஆண்டு இலக்கு" என்று நான்கு கட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஆசிரியராக இருப்பவர்கள் உண்மையில் என்ன எழுதுவீர்கள்?

நீங்கள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருக்கும், தனியார் பள்ளியாக இருக்கும் என்று நினைக்கிறேன். படிவத்தை வைத்துத்தான் சம்பள உயர்வு என்றால் நான் சொல்வதை அப்படியே எழுதி வைக்காதீர்கள். நான் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், 17 ஆண்டு சர்வீஸ். என்னால் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச முடியும்.

"சான்று" என்ற கட்டத்தைப் பார்த்ததும் கைகள் மதிப்பெண் பட்டியலைத்தான் தேடும். எனக்கும் அப்படித்தான். அக்டோபரில் ஏழாம் வகுப்புக்குத் தசம எண்கள் நடத்தி முடித்து ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். எது பெரியது என்று நான்கு ஜோடிகள்: 0.75, 0.5. அடுத்து 2.38, 2.41. அடுத்து 0.9, 0.4. கடைசியாக 6.12, 6.1. வகுப்பில் 31 பேர். 27 பேர் நான்கும் சரி. வளரறி மதிப்பீட்டில் ஏற்றிவிட்டு நிம்மதியாக அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அன்றைக்கே இந்தப் படிவம் வந்திருந்தால் அதைத்தான் சான்றாக எழுதியிருப்பேன்.

ஒரு வாரம் கழித்து நீளம் தாண்டுதல் பழகிவிட்டு வந்த பையன்கள், மண்ணும் கையுமாகத் தாங்களே அளந்த அளவைக் கரும்பலகையில் எழுதினார்கள். ஒருவனுக்கு 3.4 மீட்டர், இன்னொருவனுக்கு 3.28. "யாருடா முதல்?" என்று சும்மா கேட்டேன். "இவன்தான் டீச்சர், 3.28." ஏன் என்றால், "இருபத்தெட்டு பெருசுல்ல, அது வெறும் நாலு." வகுப்பில் ஒருத்தர்கூட மறுக்கவில்லை. எப்போதும் முதல் மதிப்பெண் எடுக்கும் பெண்ணும் தலையாட்டினாள். 3.4 தாண்டியவன் மட்டும் எழுந்து, "கிரவுண்டுல நான்தான டீச்சர் ஜெயிச்சேன்?" என்றான். அவன் ஜெயித்ததை எல்லாரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஆனால் பலகையில் எழுதினால் தோற்றுவிடுகிறான், அவனும் அதை ஏறக்குறைய ஒப்புக்கொண்டு நிற்கிறான்.

அன்று சாயங்காலம் தேர்வுத் தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். புள்ளிக்குப் பின்னால் வருவதைச் சாதாரண எண்ணாக நினைத்துக்கொண்டு போட்டால்? 75, 5. 38, 41. 9, 4. 12, 1. நான்கிலும் விடை சரியாக வருகிறது! தசமமே தெரியாத பிள்ளையும் முழு மதிப்பெண் வாங்கும் தாளை நானே உட்கார்ந்து தயாரித்திருக்கிறேன்.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து நான்கு ஜோடிகள் போட்டேன்: 0.6, 0.45. 0.8, 0.375. 0.75, 0.5. 0.3, 0.30. அன்று வந்தவர்கள் 29 பேர். முதல் ஜோடியில் 0.6 பெரியது என்று எழுதியவர்கள் ஒன்பதே பேர். அந்த ஒன்பதிலும் நான்கு பேர் மூன்றாவது ஜோடியில் 0.5தான் பெரியது என்று எழுதியிருந்தார்கள். கூப்பிட்டுக் கேட்டால், "நூறில் ஒன்று சின்னது, பத்தில் ஒன்று பெருசுன்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க, அப்போ நீளமா இருக்குறது சின்னதுதான?" என்கிறார்கள். நான் சொன்னது சரி. அதிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது, இலக்கம் குறைவாக இருந்தால் பெரிய எண் என்பது. அவர்களுக்கு 0.6 சரியாக வந்தது தவறான காரணத்தால். கழித்துப் பார்த்தால் ஐந்து பேர். 27 எங்கே, 5 எங்கே.

இந்தக் குழப்பம் உலகத்துக்கே தெரிந்ததுதானே, பி.எட். படிக்கும்போது தூங்கினீர்களா என்று யாராவது வருவார்கள். பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் வரும் என்பது எனக்கும் தெரியும். அதை என் தேர்வுத் தாளே ஒளித்து வைத்திருந்தது தெரியாது. 31 பேரை வைத்துக்கொண்டு முடிவுக்கு வரலாமா என்றும் கேட்பார்கள். நான் ஊருக்கு எழுதவில்லை, என் வகுப்புக்கு எழுதுகிறேன்.

காரணம் தேடியபோது இன்னொரு அடி விழுந்தது. என் பாடத்தை நானே கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு பீரியட் முழுக்க மேசை மேல் போனில் ரெக்கார்டு செய்திருந்தேன். வீட்டில் சமைத்துக்கொண்டே கேட்டேன். "பூச்சியம் புள்ளி நாற்பத்தைந்து" என்று நானே வாய் நிறையச் சொல்கிறேன், ஒரு தடவை இல்லை, பீரியட் பூராவும். பிள்ளை காதில் நாற்பத்தைந்து என்று விழுந்தால் அது ஆறைவிடப் பெரியதாகத்தான் இருக்கும். "புள்ளி நான்கு ஐந்து" என்று சொல்லியிருக்க வேண்டும். 17 வருடமாக நான் அப்படிச் சொன்னதில்லை. உதாரணத்துக்கு எப்போதும் ரூபாய் பைசா எடுப்பதும் சேர்ந்துகொண்டது. 12.50 என்றால் பிள்ளைக்கு 12 ஒரு எண், 50 வேறொரு எண், நடுவில் ஒரு புள்ளி. அதனால்தான் 3.5 ரூபாயை மூன்று ரூபாய் ஐந்து பைசா என்கிறார்கள். (கிரிக்கெட் வேறு. 19.5 ஓவருக்கு அப்புறம் 20தான் டீச்சர் என்று ஒரு பையன் சண்டைக்கே வந்தான். அது ஆறு பந்துக் கணக்கு, தசமம் இல்லை என்று புரியவைக்கவே அரை பீரியட்.)

சரிசெய்யச் செய்தது பெரிய வித்தை இல்லை. சார்ட் பேப்பரில் ஒரு மீட்டர் நீளப் பட்டை வெட்டி, அதைப் பத்தாக மடித்துக் கோடு போட்டோம். ஐந்தாவது பாகத்தை மட்டும் மறுபடி பத்தாகப் பிரித்தோம். பட்டையில் எந்த எண்ணும் எழுதக் கூடாது, சென்டிமீட்டர் என்ற சொல்லே வரக் கூடாது. வந்தால் 60, 45 என்று பழையபடி முழு எண்ணுக்குப் போய்விடுவார்கள். முழுப் பட்டை 1. பெரிய பாகம் பத்தில் ஒன்று, சின்னது நூறில் ஒன்று. 0.45க்கு நான்கு பெரிய பாகம் தாண்டி ஐந்து சின்ன பாகம் நகர்ந்து விரல் வைக்க வேண்டும். 0.6க்கு ஆறு பெரிய பாகம். விரல்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் நாள் அந்த நீளம் தாண்டிய பையனையே கூப்பிட்டேன். மூன்று முழுப் பட்டையைத் தரையில் போட்டு, நான்காவதில் பெரிய பாகம் நான்கை எண்ணி விரல் வைத்துவிட்டு, திரும்பி மற்றவனைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். நவம்பர் கடைசியில் அதே நான்கு ஜோடிகளை எண்களை மாற்றிக் கொடுத்தபோது 31ல் 22 பேருக்கு நான்கும் சரி.

அந்த 22ஐச் சான்றாக எழுதலாமே என்பீர்கள். சறுக்கல் அங்கேதான் இருக்கிறது. டிசம்பரில் இரண்டாம் பருவத் தேர்வு நெருங்கியதும் எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. மீதி ஒன்பது பேருக்கு, "பின்னால் பூச்சியம் சேர்த்து இலக்கத்தைச் சமமாக்கிக்கோ, 0.60, 0.45, இப்போ பார்" என்று குறுக்கு வழி சொல்லிக் கொடுத்தேன். விடை சரியாக வரும், மதிப்பெண்ணும் வரும். ஆனால் பிள்ளை திரும்பவும் 60ஐயும் 45ஐயும்தான் ஒப்பிடுகிறது. புரிந்தவர்களும் அந்தச் சுலப வழிக்கே தாவிவிட்டார்கள். பிப்ரவரியில் கேள்வியை மாற்றி, "0.4க்கும் 0.5க்கும் நடுவில் ஒரு எண் சொல்" என்று கேட்டேன். 14 பேர் சொன்னார்கள். மற்றவர்கள் நான்குக்கு அடுத்து ஐந்துதானே, நடுவில் என்ன இருக்கும் என்று என்னையே பார்த்தார்கள். இந்த ஒரு கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். பூச்சியம் சேர்க்கச் சொல்லாமல் 0.43, 0.47 என்று தானாக வந்தால் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது.

டிசம்பரில் அவசரப்பட்டேன் என்று சொன்னேனே, அதற்கு நேரம் போனதும் ஒரு காரணம். எங்கள் ஊருக்குக் காலையில் ஒரே டவுன் பஸ். நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் சில நாள் அது நிற்காமலே போகும். 2021லிருந்து எங்களுக்கு டிக்கெட் இல்லை அல்லவா, ஓசி என்ற நினைப்பு. முதல் பீரியட் என்னுடைய கணக்கு. ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேருவதற்குள் பதினைந்து நிமிடம் போயிருக்கும். புகார் சொன்னால் "நாங்க நிறுத்தினோமே" என்கிறார்கள். டீச்சருக்கு என்ன, மே மாதம் சும்மாவே சம்பளம் என்று கேட்கும் சொந்தக்காரர்கள் ஒரு நாள் அந்த நிறுத்தத்தில் வந்து நிற்கட்டும். சரி, விடுங்கள். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்த ஆண்டு இலக்கு கட்டத்தில் "கற்றல் விளைவுகளை மேம்படுத்துவேன்" என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. இந்த முறை எழுதியது இது: தேர்வுத் தாள் தயாரிக்கும்போது ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், எந்தத் தவறான எண்ணத்தோடு போட்டால் இதற்குச் சரியான விடை வந்துவிடும் என்று பென்சிலில் எழுதுவேன். அப்படி ஒன்று இருந்தால் எண்ணை மாற்றுவேன். எல்லாப் பாடத்துக்கும் முடியாது, எனக்கு வீடும் இருக்கிறது. தசமம், பின்னம், குறை எண்கள் மூன்றுக்கு மட்டும். −8, −3ல் எது பெரியது என்றால் எட்டு என்று சொல்லும் கூட்டம், 1/5ஐ 1/3ஐவிடப் பெரியது என்னும் கூட்டம் எல்லாம் இங்கேதான் இருக்கும். இரண்டாவது, பாடம் முடிந்து ஆறு வாரம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல், மதிப்பெண் இல்லாமல் ஒரு சீட்டு. குறுக்கு வழியைப் பற்றி எழுத மனம் வரவில்லை. தேர்வுக்கு முந்தின வாரம் ஒரு பிள்ளை அழுதுகொண்டு நின்றால் நான் மறுபடியும் சொல்லிக் கொடுத்துவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது.

எங்கள் எச்.எம். படித்துவிட்டு, "5 பேர் என்றெல்லாம் எழுத வேண்டுமா டீச்சர்?" என்று கேட்டார். படிவத்தில் 22 என்று மட்டும் வைத்துக்கொண்டோம். துண்டுச் சீட்டுகள் ஒரு ஸ்வீட் டப்பாவில் என் பீரோவில் இருக்கின்றன. ஜூனில் அதே பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் வந்து உட்காருவார்கள், கணக்கு அவர்களுக்கு நான்தான். முதல் வாரமே 0.4க்கும் 0.5க்கும் நடுவில் என்ன என்று கேட்பதாக இருக்கிறேன்.