‘போல’ இல்லாவிட்டால் உருவகமா?

“‘கயல்விழி வலையில் சிக்கியது’ என்று எழுதினேன். ‘போல’ வரவில்லையே, அப்போ உருவகம்தானே? உவமை என்கிறார்கள்.”

உவமைதான். ‘கயல்விழி’ என்றால் ‘கயல் போன்ற விழி’. அதில் ‘போன்ற’ என்ற உருபு மறைந்து நிற்கிறது, அதனால் அது உவமைத்தொகை. உருவகம் வேண்டுமென்றால் ‘விழிக்கயல்’ என்று திருப்புங்கள்.

‘போல’வைத் தேடிப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. தொகையின் கடைசிச் சொல்லைப் பாருங்கள், வினை அதற்குத்தான் போகும். ‘கயல்விழி சிவந்தது’ சரியாக இருக்கிறது, ஏனென்றால் அது இன்னும் கண்தான். மீனிடமிருந்து வடிவத்தையும் பிறழ்ச்சியையும் மட்டும் கடன் வாங்கியிருக்கிறது. கண் எப்படி வலையில் சிக்கும்? உங்கள் வரி இடறுவது அங்கேதான். ‘விழிக்கயல் வலையில் சிக்கியது’ என்றால் கண்ணே மீனாகிவிட்டது. பின்னாலேயே குளம், தூண்டில், வலை வீசியவன் எல்லாம் வரலாம். காதலன் பார்வை வலையாகிறது. அவன் பிடிப்பவன், அவள் அகப்பட்டவள் என்ற பொருளும் கூடவே வந்துவிடும். அது வேண்டாமென்றால் உவமையோடு நிறுத்துங்கள். (‘விழிக்கயல் பூத்தது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மீன் பூக்காது.)

இந்த இடமாற்றச் சோதனை தொகைகளுக்கு மட்டுமே. ‘அவள் கண்கள் கயல்கள்’ என்ற முழுத்தொடர் எதையும் திருப்பாமலே உருவகம்தான்.